பெரியப்பா பொண்ணு ஃபர்ஸ்ட் ரேங்க், எனக்கு வயிற்று வலி

*டீச்சர், நான் பதினொன்றாம் வகுப்பு, பயாலஜி-மேத்ஸ் குரூப். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5.45 முதல் 7 வரை கணக்கு டியூஷன். ஸ்கூல் விட்டதும் 5.30 முதல் 7.30 வரை ஒருநாள் பிசிக்ஸ், ஒருநாள் கெமிஸ்ட்ரி, சனிக்கிழமையும் உண்டு. ஞாயிறு மூன்று மணி நேரம் டெஸ்ட். படுக்க 12 ஆகிவிடும், 4.45-க்கு எழ வேண்டும். அப்படியும் காலாண்டில் பிசிக்ஸ் 70-க்கு 38 தான். பெரியப்பா பொண்ணும் பதினொன்றுதான், சிபிஎஸ்இ. எப்போதும் ஃபர்ஸ்ட் ரேங்க். பெரியப்பா அவள் மார்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார், உடனே எல்லோரும் என்னுடையதைக் கேட்பார்கள். என் டியூஷன் ஃபீஸில் பாதி அவர்தான் கட்டுகிறார், அதனால் அப்பா எதுவும் பேசுவதில்லை. டெஸ்ட் என்றால் வயிறு வலித்து வாந்தி வருகிறது. நடிக்கிறேன் என்கிறார்கள். டியூஷனை நிறுத்தலாமா? — பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்*

முதலில் வயிறு. நீ நடிக்கவில்லை, கண்ணு. பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும், நிஜமாகவே வாந்தி வரும். ஆனாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதற்கு முன் வீட்டு காலண்டரில், வலி வந்த நாளில் எல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வை. மூன்று வாரம் போதும். புள்ளிகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையிலும் பரீட்சை நாளிலுமே விழுந்திருந்தால் அந்த காலண்டரை அம்மாவிடம் நீட்டு, டாக்டரிடமும் கொண்டு போ. எடை குறைகிறது, ராத்திரி தூக்கத்திலிருந்து வலி எழுப்புகிறது, லீவு நாளிலும் வலிக்கிறது என்றால் மூன்று வாரம் காத்திருக்காதே, உடனே போ. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எப்போதாவது 'நான் இல்லாமலே போய்விட்டால்' என்கிற மாதிரி நினைப்பு வந்தால் அன்றைக்கே அம்மாவிடம் சொல். சொல்ல வாய் வரவில்லை என்றால் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் அது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

சரி, டியூஷனுக்கு வருகிறேன். நீ எழுதிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் ஆறேகால் மணி நேரம், சாயங்காலம் பன்னிரண்டு, ஞாயிறு மூன்று. போக்குவரத்து சேர்க்காமல் வாரத்துக்கு 21 மணி நேரத்துக்கு மேல். தூக்கமோ ராத்திரிக்கு ஐந்து மணி நேரம்கூட இல்லை. உன் வயதுக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். பதினாறு வயதில் தூக்கம் இயல்பாகவே தாமதமாகத்தான் வரும், காலையில் தாமதமாகத்தான் கலையும். 'எங்கள் காலத்தில் நாலு மணிக்கு எழுந்து படித்தோம்' என்பவர்கள் முந்தைய ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இத்தனை மணி நேரத்தில் யாரும் சொல்லித் தராமல், நோட்டை மூடி வைத்துவிட்டு, நீயாக உட்கார்ந்து எழுதிப் பார்க்கும் நேரம் எவ்வளவு? உன் கடிதத்தில் தேடினேன், அரை மணி நேரம்கூடத் தட்டுப்படவில்லை. எனக்குத் தெரிந்து பல டியூஷன்கள் பள்ளியை விட இரண்டு மூன்று பாடம் முன்னால் ஓடும். பள்ளியில் இயக்க விதிகள் நடக்கும்போது டியூஷனில் ஈர்ப்பியல் நடக்கும். ஒரே வாரத்தில் இரண்டு பாடத்துக்கு இரண்டு டெஸ்ட். ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு முறை கேட்டிருப்பாய், ஒரு முறைகூடத் தானாக எழுதிப் பார்த்திருக்க மாட்டாய். கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், கண்ணு. பரீட்சை ஹாலில் யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

அந்த 38 வாங்கிய பேப்பரை எடு. போன 32 மார்க் எங்கே போனது என்று பிரிக்கலாம். சில வருஷங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண்ணோடு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன், அதே மாதிரி செய். அவளும் மூன்று டியூஷன் போனவள். பிசிக்ஸில் 70-க்கு 41. இழந்தது 29. ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஓர் எழுத்து போடச் சொன்னேன். பாடமே புரியாமல் விட்டதற்கு 'பு'. படித்ததுதான், அந்த நேரத்தில் எழுத வரவில்லை என்றால் 'ம'. தெரிந்தும் அவசரத்திலோ நேரம் போதாமலோ விட்டதற்கு 'அ'.

'பு' 6 மார்க்தான் வந்தது. காய்ச்சலில் பள்ளிக்கு வராத வாரம் நடந்த பாடம் அது. 'அ' இன்னொரு 6. கடைசி ஐந்து மார்க் கேள்வியைப் பாதியில் விட்டதில் 4, ஒரு மார்க் கேள்விகளைச் சரியாக வாசிக்காததில் 2. மிச்சம் 17-ம் 'ம'. எறிபொருளின் கிடைத்தள நெடுக்கத்துக்குச் சமன்பாடு தருவிக்க ஆரம்பித்து நாலு வரியில் நின்றுவிட்டாள். இன்னொரு தருவித்தலும் அப்படியே. இரண்டிலும் சேர்த்து 7 போனது. இரண்டு மார்க் வரையறைகள் இரண்டு, மூன்று மார்க் கேள்விகள் இரண்டு, அதில் 10.

இதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணே கேட்டாள், "அப்போ டியூஷன் சரிபண்றது இந்த ஆறு மட்டும்தானா மிஸ்?" ஆமாம். புரியாததைப் புரியவைக்கத்தான் இன்னொருவர் வேண்டும். மறந்ததற்கு மருந்து, நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதுவது, நின்ற இடத்தைச் சிவப்பில் குறிப்பது, இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி எழுதுவது. அவசரத்துக்கு மருந்து தூக்கமும், கடிகாரம் வைத்துக்கொண்டு முழு பேப்பர் ஒன்றிரண்டு எழுதிப் பார்ப்பதும். அவள் ஒரு டியூஷனை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் இதைத்தான் செய்தாள். அரையாண்டில் 41 என்பது 50 ஆனது. ரேங்க் இரண்டே இரண்டுதான் ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், மற்ற பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லையே.

உன் பேப்பரில் வேறு மாதிரி வரலாம். 'பு' பாதிக்கு மேல் வந்தால் பிசிக்ஸ் டியூஷனை விடாதே. அங்கே பின்வரிசையில் இருந்து எழுந்து முன்னால் வந்து உட்கார், புரியாததை அங்கேயே கேள். 'ம' அதிகம் என்றால் குறைக்கலாம். கணக்கு, கெமிஸ்ட்ரி பேப்பரையும் இப்படியே பிரித்த பிறகு எதை விடுவது என்று முடிவெடு. மூன்றையும் ஒரே நாளில் விட வேண்டாம், வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் முதலில் தொட வேண்டியது அந்தக் காலை பேட்ச். இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு மட்டும் 100 என்பதால் அப்பா தயங்குவார். அதனால் நிறுத்தச் சொல்லாதே, சனி ஞாயிறு பேட்ச் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல். அப்புறம் கெமிஸ்ட்ரியோ பிசிக்ஸோ, 'பு' எதில் குறைவோ அதை அரையாண்டு வரை விட்டுப் பார்க்கலாம். 'வருஷ ஃபீஸ் கட்டியாச்சே' என்பார்கள். கட்டிய பணம் நீ போனாலும் திரும்பாது, போகாவிட்டாலும் திரும்பாது.

ரேங்க் விஷயத்தில் நான் நல்லவள் வேஷம் போட முடியாது. பணியில் இருந்த காலத்தில் விடைத்தாளை மார்க் வரிசையில்தான் கொடுத்தேன், முதல் தாளைச் சிரித்த முகத்தோடு, கடைசித் தாளைப் பேசாமல். அதை நிறுத்த எனக்குப் பதினோரு வருஷம் ஆனது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-லேயே அரசு நிறுத்திவிட்டது. குடும்பங்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை. உன் அக்காவோ தங்கையோ, அவள் எழுதியது வேறு பாடத்திட்டம், வேறு கேள்வித்தாள், வேறு ஆசிரியர் திருத்தியது. முப்பது பேர் வகுப்பில் முதலாவதையும் ஐம்பது பேர் வகுப்பில் பதினாலாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. தவிர, பதினொன்றாம் வகுப்புக்கு 2025-26 முதல் பொதுத்தேர்வும் இல்லை. உன் காலாண்டு 38 எந்தக் கட்-ஆஃபிலும் ஏறப்போவதில்லை. பாடம் வேண்டும், அது வேறு. நீட் எழுதுவதாக இருந்தால் இரண்டு வருஷப் பாடமும் கேட்பார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல வேண்டியது நீதான். ஆனால் மார்க் வந்த ராத்திரி சொல்லாதே, பெரியப்பா வீட்டில் இருக்கும்போதும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் முடிந்து அவர் உன்னை வண்டியில் கூட்டி வருவார் என்றால் அது நல்ல நேரம். வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொல். 'முடியலப்பா' என்று ஆரம்பித்தால் அவர் பயந்துவிடுவார், பயத்தில் கோபம் வரும். பேப்பரைக் காட்டு. "அப்பா, 32 மார்க் போச்சுல்ல, இதுல இவ்வளவு படிச்சும் எழுத வராம போனது. எழுதிப் பார்க்க நேரம் வேணும். அரையாண்டு வரைக்கும் ஒரு டியூஷனை விட்டுப் பார்க்கிறேன், குறைஞ்சா திரும்பப் போறேன்." பேச்சுக்கு ஒரு கெடு இருந்தால் அப்பாக்கள் கொஞ்சம் இளகுவார்கள்.

அண்ணன் பணம் கட்டும்போது தம்பி வாய் திறக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அந்தப் பேச்சு அவர்கள் இருவருக்குள் நடக்கட்டும், நீ குறுக்கே போகாதே. ஒரு டியூஷன் குறைந்தால் அவர் கட்டுவதும் குறையும். அதை அப்பாவே நல்லபடியாகச் சொல்லிக்கொள்வார். வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறினால் அதுவே ஒரு மாதப் பேச்சாகிவிடும், வேண்டாம். அம்மாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: யார் கேட்டாலும் 'அவ மார்க்கை அவளே சொல்லுவா' என்று போட்டுவிட்டு நிறுத்தச் சொல். கல்யாண வீட்டில் யாராவது பிடித்துக் கேட்டால், "பிசிக்ஸ் கொஞ்சம் பார்க்கணும் அத்தை, நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டு நகர்ந்துவிடு. பொய்யும் இல்லை, விளக்கமும் இல்லை.

பெரியப்பா பொண்ணுக்கு ஒரு நாள் நீயாகவே போன் பண்ணேன். மார்க்கைப் பற்றி இல்லை, வேறு எதையாவது பேசு. எப்போதும் முதலாவது வர வேண்டிய வீட்டில் இரண்டாவது வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் ஒரு வயிறு இருக்கும். அவள் உன்னிடம் அதைச் சொன்னாலும் சொல்வாள்.

அரையாண்டு பேப்பர் கைக்கு வந்ததும் 'பு', 'ம', 'அ' மூன்றையும் கூட்டி எனக்கு எழுது. மொத்த மார்க் வேண்டாம். காலண்டரில் எத்தனை புள்ளி என்பதையும் எழுது.