வயலின் விற்பனைக்குப் போடும்போது என்னென்ன எழுத வேண்டும்?

"வேலூர்ல சின்னதா இசைக்கருவிக் கடை வெச்சிருக்கேன். வாட்ஸ்அப் கேட்டலாக்ல 'வயலின், பிகினர்ஸ், ஃபுல் செட்'னு போடுறேன். ஆற்காடு, குடியாத்தம் பக்கம் வாங்குறவங்க, சைஸ் சரியில்ல, சத்தமே வரல, சுருதி நிக்கலன்னு திருப்பி அனுப்புறாங்க. சைஸ், சுருதி, கூட வர்ற சாமான், எந்த நிலைக்கு ஏத்ததுங்கறதையெல்லாம் எப்படி எழுதணும்?"

முதலில் சைஸ். '8 முதல் 10 வயது வரை' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கே கை நீளம் இரண்டு அங்குலம் வித்தியாசப்படும். பிள்ளை இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்ட வேண்டும். கழுத்தோரத்திலிருந்து உள்ளங்கை நடு வரை டேப்பில் அளக்கச் சொல்லுங்கள். சுமார் 20 அங்குலம் என்றால் அரை சைஸ், 22-க்குப் பக்கத்தில் முக்கால், 23-க்கு மேல் முழு சைஸ். அளவு இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் சின்னதையே கொடுங்கள். 'வளர்ற பிள்ளைதானே' என்று யூனிஃபார்ம் தைக்கிற கணக்கில் பெரிதாக வாங்கினால் சுண்டுவிரல் எட்டாது, மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கும், அந்த வளைவு அப்படியே பழகிவிடும்.

இன்னொன்றையும் கேட்டலாக்கில் சொல்லிவிட வேண்டும். முக்கால் சைஸ் என்பது முழு வயலினின் முக்கால்வாசி நீளம் அல்ல. முழு வயலினின் உடல் சுமார் 14 அங்குலம். முக்காலுக்கு 13, அரைக்கு 12 முதல் 12½. படத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். அதனால் லேபிளை நம்பாமல், கழுத்துக் கட்டை சேரும் இடத்திலிருந்து அடிவரை உடலின் பின்பலகையை நீங்களே அளந்து அந்த எண்ணைப் போடுங்கள்.

திரும்பி வருகிற சரக்கில் பெரும்பங்குக்குக் காரணம் சுருதிதான். பெட்டியோடு வருகிற தாளில் ஜி, டி, ஏ, இ என்று இருக்கும். அது மேற்கத்திய முறை. நம் பக்கத்தில் பாட்டு வாத்தியாரிடம் போகிற பிள்ளைக்குத் தேவை ச-ப-ச-ப. இது எழுதாவிட்டால் வீட்டில் டியூனர் ஆப்பைப் பார்த்துக்கொண்டு பிரடையை முறுக்குவார்கள், மெல்லிய முதல் தந்தி அறுந்துவிடும். 5 கட்டைக்கு மாற்றுவது சுலபம்: தடித்த இரண்டு தந்திகளும் ஜி, டி என்று அப்படியே இருக்கும், மூன்றாவதாக வரும் 'ஏ' தந்தியை 'ஜி'க்கும், மெல்லிய 'இ' தந்தியை 'டி'க்கும் இறக்க வேண்டும். இறக்குவதுதான், ஏற்றுவதில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். 6 கட்டை கேட்டால் கதை மாறும்: மெல்லிய இரண்டும் அப்படியே நிற்க, தடித்த இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும். அதை வீட்டில் செய்ய விடாமல் நீங்களே செய்து அனுப்புவது நல்லது. சின்ன சைஸில் தந்தி குட்டை என்பதால் 2 கட்டை, 3 கட்டைக்கு இறக்கினால் தளர்ந்து கொழகொழவென்று நாதம் போய்விடும். அரை, முக்கால் சைஸுக்கு '5 முதல் 6 கட்டை வரை' என்று எழுதினால் போதும். ஆசிரியர் எந்தக் கட்டையில் வகுப்பு எடுக்கிறார் என்று ஆர்டர் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

'சுருதி நிக்கல' என்பதற்குக் கோடை வேறு ஒரு காரணம். மே மாதம் வேலூர் வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், பிரடை நழுவும். முறுக்கும்போதே உள்பக்கமாக அழுத்தித் திருப்ப வேண்டும். புதுத் தந்தி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், அது பழுதல்ல. தொடக்கநிலைக்காரருக்கு அடிப்பக்கத்தில் நான்கு தந்திக்கும் ஃபைன் டியூனர் இருக்கிற மாடல்தான் உதவும். ஒன்றுதான் இருந்தால் 'ஒன்று' என்றே எழுதுங்கள்.

இனி 'ஃபுல் செட்'. இதை எழுதாமல் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்: வில், ரோசின், பெட்டி, மாற்றுத் தந்தி. வில்லும் முக்கால்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முழு சைஸ் வில் மாறிப் போவது அடிக்கடி நடக்கும். ஷோல்டர் ரெஸ்டைப் பெரிய சலுகையாக விளம்பரம் செய்ய வேண்டாம். தரையில் உட்கார்ந்து வயலின் தலையைக் கால் மேல் வைத்து வாசிப்பவருக்கு அது பயன்படாது.

'சத்தமே வரல' என்கிற போனுக்குப் பதில் ரோசினில் இருக்கிறது. புது வில்லின் முடியில் ரோசின் இருக்காது, புது ரோசின் கட்டியின் மேல்பாகம் கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும், முடியில் ஒட்டாது. மெல்லிய உப்புத்தாளால் கட்டியை லேசாகச் சுரண்டி, வெள்ளைப் பொடி தெரிந்த பிறகு வில்லை அதன்மேல் முப்பது நாற்பது தடவை இழுத்தால் சத்தம் வரும். அனுப்புமுன் கடையிலேயே செய்துவிட்டு 'ரோசின் தடவியது' என்று எழுதினால் பாதிப் போன் குறையும். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்த வேண்டும் என்ற ஒரு வரியும் வேண்டும்.

நிலையைப் பற்றி 'பிகினர்ஸ்' மட்டும் எழுதினால் ஒன்றும் புரியாது. பாடத்தின் பெயரால் சொல்லுங்கள். மேல்பலகை ஒட்டுப்பலகையா ஒரே மரமா என்பதைப் பொறுத்துத்தான் அது அமையும். எஃப் வடிவத் துளையின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: கோடுகோடாக அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. அது சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம், கீதம் வரை தாங்கும். வர்ணத்துக்கு வரும்போது நாதம் போதவில்லை என்று ஆசிரியரே சொல்வார். விரல்பலகை கருப்பு பெயின்ட் அடித்ததா என்பதையும் பாருங்கள், விரல் படும் இடத்தில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு பதிவு இப்படி வரும்:

முக்கால் சைஸ் வயலின். உடல் நீளம் 13 அங்குலம். கழுத்திலிருந்து உள்ளங்கை நடு வரை 22 அங்குலம் உள்ள பிள்ளைக்கு.
சுருதி: ச-ப-ச-ப, 5 கட்டைக்குச் சேர்த்தது. 6 கட்டை வேண்டுமானால் முன்பே சொல்லவும்.
மேல்பலகை ஒட்டுப்பலகை. நான்கு ஃபைன் டியூனர்.
கூட வருவது: முக்கால் வில் ஒன்று, ரோசின் ஒன்று, பெட்டி, மாற்று முதல் தந்தி ஒன்று. ஷோல்டர் ரெஸ்ட் இல்லை.
நிலை: சரளி வரிசை முதல் கீதம் வரை.
வந்ததும் தந்தியை மெதுவாக ஏற்றவும். குதிரை சாய்ந்திருந்தால் முறுக்காமல் போன் செய்யவும்.

கடைசி வரி பார்சலுக்காக. தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, குதிரைக்கு இருபுறமும் துணி வைத்து அனுப்புங்கள். நான்கையும் முழுசாகத் தளர்த்தினால் குதிரை விழும், உள்ளே அழுத்தத்தில் மட்டும் நிற்கிற சவுண்ட் போஸ்டும் சரிந்துவிடலாம். அதை நிறுத்த வளைந்த தனிக்கருவி வேண்டும், வீட்டில் முடியாது. வயலினை லேசாக ஆட்டினால் உள்ளே கட்டை உருள்கிற சத்தம் கேட்டால் அதுதான் நடந்திருக்கிறது.

புல்லாங்குழலுக்கு சைஸ் எழுத வேண்டியதில்லை, கட்டையை மட்டும் எழுதுங்கள். குழலை சுருதி மாற்றவே முடியாது. மிருதங்கத்துக்கு இரண்டும் வேண்டும்: 22 அங்குலம் உச்ச சுருதிக்கு, 24 அங்குலம் தாழ்ந்த சுருதிக்கு. கீபோர்டுக்கு கீ எத்தனை, அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் மாறுமா, அடாப்டர் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் போதும்.