ஃபிரிட்ஜ் லேபிள்: நட்சத்திரத்தைப் பார்ப்பதா, யூனிட்டைப் பார்ப்பதா?

புதிய ஃபிரிட்ஜ் வாங்கப் புறப்படும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை, லேபிளில் உள்ள நட்சத்திரங்களும் அதே லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின் நுகர்வும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும் இடத்திலிருந்தே எழுந்திருக்கின்றன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: நான் பார்த்த 240 லிட்டர் ஃபிரிட்ஜுக்கு மூன்று நட்சத்திரம், ஆண்டுக்கு 190 யூனிட் என்று லேபிள் கூறுகிறது. அருகிலிருந்த 460 லிட்டர் ஃபிரிட்ஜுக்கு ஐந்து நட்சத்திரம். ஆனால் 265 யூனிட். அதிக நட்சத்திரம் உள்ளது எப்படி அதிக மின்சாரம் இழுக்கும்? லேபிள் தவறாக அச்சாகிவிட்டதா?

அச்சுப் பிழை எதுவும் இல்லை. நட்சத்திரம் சொல்வது ஓர் ஒப்பீட்டை மட்டுமே: இந்த அளவும் இந்த வகையும் கொண்ட பெட்டிக்கு இவ்வளவு மின்சாரம் நியாயம் என்று ஒரு வரம்பை விதிகள் வகுக்கின்றன, அந்த வரம்புக்கு எவ்வளவு கீழே பெட்டி நிற்கிறது என்பதைப் பொறுத்து நட்சத்திரம் கூடுகிறது. பெரிய பெட்டிக்கு வரம்பும் பெரியது. ஆகவே ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி தன் இனத்துக்குள் சிக்கனமானது. உங்கள் மின் கட்டணச் சீட்டில் அது சிக்கனமாக இருக்கும் என்று அந்த நட்சத்திரம் எந்த வாக்குறுதியும் தருவதில்லை.

வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது தெளிவாகும். பெட்டியின் கொள்ளளவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வெளியே 32 டிகிரி வெப்பம் இருக்கும்போது, 4 டிகிரியில் இருக்கும் கீழ் அறைக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே 28 டிகிரி வேறுபாடு. மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீசருக்கோ 50 டிகிரி வேறுபாடு. ஆகவே ஃப்ரீசரின் ஒரு லிட்டர், கீழ் அறையின் ஏறத்தாழ 1.8 லிட்டருக்குச் சமமாக எண்ணப்படுகிறது. எந்த வெப்பநிலையை அடிப்படையாகக் கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தப் பெருக்கெண் நாட்டுக்கு நாடு சற்று மாறும்; தருக்கம் ஒன்றுதான்.

சிறிய பெட்டியில் ஃப்ரீசர் 50 லிட்டர், கீழ் அறை 190 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், சரிசெய்யப்பட்ட கொள்ளளவு 280 லிட்டர். பெரியதில் ஃப்ரீசர் 120, கீழ் அறை 340 எனில் அது 556 லிட்டர். கொள்ளளவு இரண்டு மடங்கை நெருங்க, மின் நுகர்வு 1.4 மடங்கு மட்டுமே ஆகியிருக்கிறது. இதில் ஒரு பகுதி நல்ல காப்புச் சுவராலும் நல்ல கம்ப்ரசராலும் வந்த திறமை. இன்னொரு பகுதி வெறும் வடிவியல். ஒரே வடிவத்தில் கொள்ளளவை இரட்டித்தால், வெப்பம் நுழையும் மேற்பரப்பு ஏறத்தாழ 1.6 மடங்குதான் ஆகும். இதனால்தான் லிட்டருக்கு இத்தனை யூனிட் என்று வகுத்துப் பார்ப்பவர்களுக்குப் பெரிய பெட்டி எப்போதும் அழகாகத் தெரிகிறது. அந்த வகுத்தலை நான் பரிந்துரைப்பதில்லை.

முதலில் உங்கள் குடும்பத்துக்கு எத்தனை லிட்டர் தேவை என்று முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு அந்த அளவுக்குள் மட்டும் நட்சத்திரங்களை ஒப்பிடுங்கள். 240 லிட்டர் போதுமென்றால், ஐந்து நட்சத்திரப் பெரிய பெட்டியை வாங்குவதால் ஆண்டுக்கு 75 யூனிட் கூடுதலாகத்தான் செலவாகும்.

கேள்வி: ஒரே கொள்ளளவு, இரண்டுக்கும் மூன்று நட்சத்திரம். ஒன்றில் 228 யூனிட், மற்றொன்றில் 201 யூனிட் என்றிருக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புள்ளியல்ல, ஒரு பட்டை. அந்தப் பட்டைக்குள் நூலிழையில் நுழைந்த பெட்டியும், அடுத்த நட்சத்திரத்தைத் தொடச் சற்றே தவறிய பெட்டியும் ஒரே லேபிளைப் பெறுகின்றன. நட்சத்திரங்கள் சமமாக இருக்கும்போது யூனிட் எண்ணே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஃப்ரீசரின் அளவு இரண்டிலும் ஒன்றுதானா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசர் பெரிதாக இருப்பதே கூடுதல் யூனிட்டுக்குக் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: சென்ற ஆண்டு நான்கு நட்சத்திரமாக இருந்த அதே மாடல் இப்போது மூன்று நட்சத்திரமாகியிருக்கிறது. தரத்தைக் குறைத்துவிட்டார்களா? பழைய லேபிளுடன் இருக்கும் இருப்பை வாங்குவது புத்திசாலித்தனமா?

பெரும்பாலும் பெட்டி மாறியிருக்காது, அளவுகோல் மாறியிருக்கும். எல்லாப் பெட்டிகளும் மேல் பட்டைகளில் குவிந்துவிட்டால் லேபிள் எதையும் பிரித்துக் காட்டாது என்பதால், வரம்புகளை அவ்வப்போது இறுக்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நட்சத்திரத்துக்குப் பதிலாக எழுத்துகள் பயன்படுகின்றன. ஏ-வுக்கு மேல் மூன்று கூட்டல் குறிகள் வரை போய்விட்ட அந்த வரிசையை 2021 மார்ச் 1 முதல் கலைத்து, ஏ முதல் ஜி வரை புதிதாக அமைத்தார்கள். இந்தியாவின் நட்சத்திர அட்டவணையும் பலமுறை கடுமையாக்கப்பட்டிருக்கிறது. ஆகவே லேபிளில் உள்ள ஆண்டையோ செல்லுபடிக் காலத்தையோ பார்க்காமல் இரு பெட்டிகளின் நட்சத்திரங்களை ஒப்பிடுவது வீண்.

சோதனை முறை மாறாதவரை யூனிட் எண் இந்தக் குழப்பத்தில் சிக்குவதில்லை. ஐரோப்பாவின் பழைய சோதனை 25 டிகிரி அறையில் நடந்தது. இப்போது 16 டிகிரியிலும் 32 டிகிரியிலும் அளந்து இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அத்தகைய மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை நேராக ஒப்பிட இயலாது. பழைய இருப்பு விலை குறைவாகக் கிடைத்தால் வாங்குவதில் தவறில்லை; ஆனால் பழைய நான்கு நட்சத்திரத்துக்குப் புதிய நான்கு நட்சத்திரத்தின் விலையைக் கொடுக்காதீர்கள். நானே ஒருமுறை, கடையில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டியின் லேபிளை நம்பிப் பணம் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்த பெட்டியில் வேறு ஆண்டும் வேறு எண்ணும் இருப்பதைக் கண்டேன். அதன் பிறகு, பிரித்த பெட்டியின் லேபிளைப் பார்த்த பின்னரே கையெழுத்திடுகிறேன்.

கேள்வி: ஆண்டுக்கு 220 யூனிட் என்று லேபிள் கூறுகிறது. பிளக்கில் மாட்டும் மீட்டரை வைத்து அளந்தபோது ஒரே நாளில் 0.9 யூனிட் ஓடியிருக்கிறது. நான் ஏமாற்றப்பட்டேனா?

220 யூனிட்டை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 0.6 யூனிட். உங்கள் அளவீட்டை ஆண்டுக்கு நீட்டினால் 328 யூனிட் வருகிறது. அதாவது லேபிளைவிட ஏறத்தாழ பாதி கூடுதல். பார்ப்பதற்குப் பெரிய வேறுபாடுதான். எனினும் ஏமாற்று என்று முடிவு கட்டுமுன், லேபிளின் எண் எந்தச் சூழலில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் பெட்டி, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட அறையில், கதவைத் திறக்காமல் ஓடுகிறது. யாரும் அதில் சூடான பாத்திரத்தை வைப்பதில்லை. தண்ணீர் எடுக்க நாற்பது முறை கதவைத் திறப்பதுமில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குக் குளிர்விக்கிறீர்கள் என்றால், அதிலிருந்து வெளியேற்ற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 0.145 யூனிட்டுக்குச் சமம். செலவழிக்கும் மின்சாரத்தைப் போல ஒன்றரை மடங்கு வெப்பத்தைக் கம்ப்ரசர் வெளியேற்றுவதாகக் கொண்டால், இதற்கு மட்டும் நாளுக்கு 0.1 யூனிட் வேண்டும். ஆண்டுக்கு அது 36 யூனிட். லேபிளில் இதற்கு இடமே இல்லை. சமையலறையின் வெப்பம் இதைவிடப் பெரிய காரணம். அறை 25 டிகிரியில் இருக்கும்போது கீழ் அறைக்கும் வெளிக்கும் 21 டிகிரி வேறுபாடு. அறை 35 டிகிரியானால் 31. சுவர் வழியே நுழையும் வெப்பம் இதனாலேயே ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. போதாக்குறைக்கு, வெப்பத்தைச் சூடான காற்றில் கொட்ட வேண்டியிருப்பதால் கம்ப்ரசரின் திறனும் குறைகிறது.

ஒரு நாள் அளவீடும் நம்பத்தக்கதல்ல. பனி படியாத வகைப் பெட்டியில், படிந்த பனியை உருக்கும் ஹீட்டர் இடையிடையே இயங்கும். நீங்கள் அளந்த நாளில் அது எத்தனை முறை இயங்கியது என்பதைப் பொறுத்து எண் ஏறி இறங்கும். புதிய பெட்டியாயின் முதல் இரண்டு நாட்களை விட்டுவிடுங்கள். பெட்டியின் உடலும் உள்ளே வைத்த பொருள்களும் குளிர்ந்து முடிய வேண்டும். பிறகு ஏழு நாட்கள் தொடர்ந்து அளந்து, ஏழால் வகுங்கள். ஃப்ரீசரைத் தேவையின்றி மைனஸ் 24 டிகிரிக்கு வைத்திருக்கிறீர்களா, பின்புறமும் பக்கங்களும் தயாரிப்பாளர் கேட்கும் இடைவெளியுடன் இருக்கின்றனவா என்று பாருங்கள். கதவுக்கும் ரப்பர் விளிம்புக்கும் இடையே ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் ஏதேனும் ஓரிடத்தில் தாள் பிடிமானமின்றி வழுக்கி வந்தால், அங்கே குளிர் கசிகிறது. இவையெல்லாம் சரியாக இருந்து, அறையும் மிதமான வெப்பத்தில் இருந்து, வார சராசரி லேபிளின் இரு மடங்கைத் தொடுமானால், அப்போது புகார் செய்யுங்கள். அந்த ஏழு நாள் குறிப்பும் உங்கள் கையில் இருக்கும்.

வீட்டில் கிடைக்கும் எண் லேபிளோடு பொருந்தாது என்பதற்காக லேபிளைத் தள்ளிவிட வேண்டாம். ஒரே சோதனையில் 160 வாங்கியதும் 220 வாங்கியதும் உங்கள் சமையலறைக்கு வந்தாலும், பெரும்பாலும் அதே வரிசையில்தான் நிற்கும்.

கேள்வி: ஐந்து நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலை திரும்பக் கிடைக்குமா என்று எப்படிக் கணக்கிடுவது?

விலை வித்தியாசத்தை ஒரு யூனிட்டின் கட்டணத்தால் வகுங்கள். அந்தப் பணத்துக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்பது தெரியும். அது 440 யூனிட் என்று கொள்வோம். மூன்று நட்சத்திரப் பெட்டி 215, ஐந்து நட்சத்திரப் பெட்டி 160 எனில் ஆண்டுச் சேமிப்பு 55 யூனிட். எட்டு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவருக்கு இது ஏற்கத்தக்கது. மூன்று ஆண்டுகளில் வீடு மாற்றும்போது விற்றுவிடுவேன் என்பவருக்கு அல்ல.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பயன்பாடு கூடக் கூட யூனிட் கட்டணம் உயரும் அடுக்கு முறை இருக்குமிடங்களில், மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்த சராசரியைப் போட்டுப் பார்க்கிறார்கள். ஃபிரிட்ஜ் மிச்சப்படுத்துவது உங்கள் கடைசி யூனிட்டுகளை. அவற்றின் விலை நீங்கள் எட்டியிருக்கும் மேல் அடுக்கின் விலை. மேல் அடுக்குக் கட்டணம் சராசரியைப் போல இரு மடங்காக இருந்தால், சராசரியை வைத்துக் கணக்கிட்டவருக்கு மேலே சொன்ன எட்டு ஆண்டுகள் பதினாறாகத் தெரியும். அவர் மூன்று நட்சத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.