"கவனமாக" என்ற சொல்லை எடுத்துவிட்டு எழுதிய அமிலக் குறிப்பு

கேள்வி: எங்கள் கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் பாதுகாப்பு நடைமுறையைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஒருவர், ஒரு செயல், ஒரு சரிபார்ப்பு இருக்க வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது?

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்கிறேன். 1 மோலார் கந்தக அமிலம் ஒரு லிட்டர் தயாரிக்கும் குறிப்பை எப்படி மாற்றினோம் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் சுவரில் பல வருடங்கள் தொங்கிய வரிகள் இவை: "அடர் அமிலத்தைக் கவனமாக நீரில் சேர்த்து, நன்கு கலக்கி, குளிர்ந்தபின் பாட்டிலில் நிரப்பி லேபிள் ஒட்டவும். கண்ணாடி, கையுறை அணிய வேண்டும். கண் கழுவும் குழாய் சரிபார்க்கப்பட வேண்டும்."

ஒருநாள் ஒரு மாணவியின் கண்ணருகே நீர்த்த அமிலம் தெறித்தது. ஓடிப்போய் கண் கழுவும் குழாயை அழுத்தினால் வெறும் காற்று வந்தது. இரண்டு நாள் முன்பு பிளம்பிங் வேலைக்காக மூடிய வால்வை யாரும் திறக்கவில்லை. அட்டெண்டர் பார்த்திருப்பார் என்று நான் நினைத்தேன், நான் பார்த்திருப்பேன் என்று அவர் நினைத்தார். சிங்க் குழாயில் கழுவினோம், பாதிப்பு எதுவும் இல்லை. ஆனால் "சரிபார்க்கப்பட வேண்டும்" என்ற சொல்லுக்குள் ஆள் யாரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் முதலில் பழைய குறிப்பில் "சேர்த்து", "கலக்கி", "நிரப்பி" போன்ற வினையெச்சங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றும் தனியாக நிற்க வேண்டிய ஒரு படி. "வேண்டும்", "-அவும்" என்று முடிவதையும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே செய்பவர் மறைந்திருப்பார். பெயர் எழுதாமல் பொறுப்பை எழுதுங்கள். இன்று அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதைக் காலையில் போர்டில் எழுதிவிட்டால் போதும்.

குழாய் வரி இப்படி ஆனது: "அட்டெண்டர் கண் கழுவும் குழாயைத் திறக்கிறார். சரிபார்ப்பு: இரண்டு முனையிலும் தண்ணீர் துரு நிறமில்லாமல் வருகிறது, புறங்கையில் பட்டால் சுடவில்லை. இல்லையென்றால் அமில பாட்டில் அலமாரியை விட்டு வெளியே வராது."

சுடவில்லை என்பதைச் சேர்க்க வைத்தவர் எங்கள் அட்டெண்டர். வரைவை அவரிடம் வாசித்துக் காட்டினேன். "மேடம், மே மாசம் மதியம் டேங்க் தண்ணில கையே வைக்க முடியாது, கண்ணுல எப்படி ஊத்துறது?" என்றார். இதற்காக மொட்டைமாடி டேங்க்குக்குக் கூரை போட்டோம். அமிலம் ஊற்றும் வேலையையும் காலை முதல் மணிக்கு மாற்றினோம்.

ரொம்ப நேரம் எடுத்தது "கவனமாகச் சேர்த்து, நன்கு கலக்கி" என்ற இடம்தான். கவனத்தை யாரும் பார்த்துச் சரி சொல்ல முடியாது. ஊற்றுவதும் கலக்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் ஒரு செயல் என்ற விதியும் உடைகிறது. அதனால் வேலையையே மாற்றினோம். பீக்கரில் முதலில் 700 மில்லி டிஸ்டில்டு வாட்டர். அடர் அமிலம் மொத்தம் 55 மில்லி. ஆறியபின் மீதித் தண்ணீரைச் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்குவோம்.

"தயாரிப்பவர் 5 மில்லி அமிலத்தை பீக்கர் சுவரோரமாக ஊற்றுகிறார். சரிபார்ப்பு: அளவுக்குழாயில் 5 மில்லி குறைந்திருக்கிறது.
தயாரிப்பவர் கண்ணாடிக் குச்சியால் கலக்குகிறார். சரிபார்ப்பு: அடியில் எண்ணெய்போல் நெளியும் கோடு தெரியவில்லை.
உடனிருப்பவர் தெர்மாமீட்டரைப் படிக்கிறார். சரிபார்ப்பு: 50 டிகிரிக்குக் கீழே. மேலே போனால் ஆறும்வரை அடுத்த 5 மில்லி இல்லை."

இந்த மூன்றும் 11 முறை திரும்ப வரும். அந்த நெளியும் கோடு முக்கியம். அமிலம் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் கலக்காவிட்டால் அடியில் தங்கிவிடும், பிறகு திடீரென்று கலக்கும்போது சூடு மொத்தமாகக் கிளம்பும். 55 மில்லியும் சேரும்போது 20 டிகிரிக்கு மேல் ஏறும். எங்கள் ஊர் வெயிலில் தண்ணீரே 35 டிகிரியில் இருந்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். அதனால்தான் டிஸ்டில்டு வாட்டர் கேனை முந்தின நாளே அறைக்குள் வைக்கிறோம். தெர்மாமீட்டரால் கலக்க விடாதீர்கள், குமிழ் உடையும்.

சரிபார்ப்பு என்ற பெயரில் "செய்தாயிற்று" என்று டிக் போடும் கட்டம் வைக்க வேண்டாம். கண்ணுக்கோ கைக்கோ தெரிவதாக இருக்க வேண்டும், "இல்லை" என்று பதில் வரவும் வாய்ப்பிருக்க வேண்டும். கண்ணாடி, கையுறை வரி அமில பாட்டிலைத் தொடும் படிக்கு முன்னால் வர வேண்டும். பழைய குறிப்பில் அது லேபிளுக்குப் பின்னால் இருந்தது!

விபத்துக்கு இந்த வடிவம் அப்படியே பொருந்தாது. அங்கே சரிபார்ப்பு செயலுக்கு முன்னால் நிற்கக்கூடாது, ஆளையும் பொறுப்பு பார்த்துத் தேட நேரமில்லை. நாங்கள் எழுதியது: "மிக அருகில் இருப்பவர் பாதிக்கப்பட்டவரைக் கையைப் பிடித்துக் குழாய்க்கு அழைத்துப்போய்க் கண்ணைத் திறந்து பிடித்துக் கழுவுகிறார். சரிபார்ப்பு: சுவர்க் கடிகாரத்தில் 15 நிமிடம்." இதில் மூன்று வினை ஒன்றாக இருப்பது தெரிந்தேதான். 108-ஐ அழைப்பது மட்டும் தனி வரி, அது அட்டெண்டருடையது, கழுவுபவர் கையை எடுக்கக்கூடாது.