மணமகளின் மூடிய கண்ணை மாற்றும்போது நெற்றிச்சுட்டி இரட்டையாகத் தெரிகிறது

"குடும்பப் படத்தில் மணமகள் கண் மூடியிருக்கிறார். அடுத்த ஷாட்டிலிருந்து முகத்தை எடுத்து ஒட்டினேன். நெற்றிச்சுட்டி இரண்டாகத் தெரிகிறது, மல்லிகையைச் சுற்றிச் சாம்பல் வளையம். என்ன செய்ய?"

முழு முகத்தை மாற்றியதுதான் சிக்கல். இரண்டு ஷாட்டுக்கும் இடையில் தலை சற்று அசைந்தாலே சுட்டியின் பதக்கம் இடம் மாறிவிடும். மாஸ்க் விளிம்பு எந்த நகையையும் வெட்டக் கூடாது. நகை முழுதாக ஒரே படத்திலிருந்து வரவேண்டும்.

ஃபோட்டோஷாப்பில் இரண்டு லேயரையும் தேர்ந்தெடுத்து `Edit > Auto-Align Layers` கொடுங்கள். கூட்டத்தில் எல்லோரும் அசைந்திருப்பார்கள் என்பதால், பிறகு கண் திறந்திருக்கும் மேல் லேயரை `Opacity` 50%-இல் வைத்து, மூக்குத்தியையும் கண்களின் உள்முனைகளையும் பொருத்துங்கள். அடுத்து, `Opacity`-ஐ மீண்டும் 100% ஆக்கி, அந்த லேயரின் முழுக் கறுப்பு மாஸ்க்கில் வெள்ளைத் தூரிகையால் கண்களை மட்டும் திறங்கள்: மேல் விளிம்பு பொட்டுக்குக் கீழே, கீழ் விளிம்பு மூக்குத்திக்கு மேலே, பக்கங்களில் காதுக்கு முன்பே. பழைய சுட்டி தன் நிழலோடு அப்படியே இருக்கும். பூவைத் தொடவே வேண்டாம். அந்தச் சாம்பல் வளையம், மென்மையான விளிம்பில் வெள்ளை இதழும் கருங்கூந்தலும் கலந்ததால் வந்தது. மென்மை தோலில் மட்டும் போதும்.

தலை நன்றாகத் திரும்பியிருந்தால் இது எடுபடாது. அப்போது சுட்டி, மூக்குத்தி, பூ எல்லாவற்றோடும் தலையை முழுதாக மாற்றுங்கள். மூக்குத்திக் கல்லின் மினுக்கத்தைத் தனியாக வரையாதீர்கள். மூக்கில் விழும் அதன் குட்டி நிழலோடு பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும்.