பத்துக்கு ஒன்று இலவசம் கட்டுப்படியாகுமா? சலூன் புள்ளிக் கணக்கு: கேள்வி பதில்

மதுரையில் மூன்று நாற்காலி போட்ட சலூனைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அட்டை, புள்ளி, முத்திரை என்று நான்கு விதமாகச் செய்து பார்த்து, இரண்டில் நட்டப்பட்டிருக்கிறேன். கேட்டவற்றுள் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

"என் கடையில் முடிவெட்டு 150 ரூபாய். பத்து முறை வந்தால் அடுத்தது இலவசம் என்று போர்டு வைக்கலாமா ஐயா? கட்டுப்படியாகுமா?" (சேலம், இரண்டு நாற்காலிக் கடை)

போர்டு எழுதக் கொடுப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வழக்கமாக வரும் நாற்பது பேரின் கைப்பேசி எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை எழுதி, அவர்கள் வரும் தேதியை மூன்று மாதம் குறித்து வாருங்கள். ஒருவர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறார் என்ற இடைவெளி தெரியாமல் தொடங்கும் திட்டம், எப்படியும் வரப்போகிறவருக்குத் தள்ளுபடி கொடுப்பதாகவே முடியும்.

35 நாளைக்கு ஒரு முறை வருகிறவரை எடுத்துக்கொள்வோம். அவரால் உங்களுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,560 ரூபாய் வருகிறது. நீங்கள் சொல்லும் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகும் அவர் அதே 35 நாளில்தான் வருகிறார் என்றால், பதினொன்றில் ஒன்று இலவசமாகப் போய், வரவு 1,420 ரூபாய்க்கு இறங்கிவிடும். அட்டையைப் பார்த்து அவர் 30 நாளைக்கு ஒரு முறை வரத் தொடங்கினால், இலவசத்தைக் கழித்த பிறகும் 1,660 ரூபாய் நிற்கும். இலாபமும் நட்டமும் இல்லாத எல்லை ஏறத்தாழ 32 நாள். அதாவது பதினொன்றில் ஒரு பங்காவது இடைவெளி குறைந்தால்தான் உங்கள் கை கடிக்காது. கூடுதலாக வெட்டும் தலைக்கு ஆகும் பிளேடு, துண்டுச் சலவை, ஆள் பங்கு ஆகியவற்றை நான் இதில் சேர்க்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 35 நாள் இடைவெளியில் பத்து முறை வந்து முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதற்குள் அந்த அட்டை சட்டைப் பையோடு மூன்று முறை துவைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஆறு முத்திரையோடு நிறுத்திக்கொண்டு, பரிசாக முடிவெட்டுக்குப் பதில் பத்து நிமிடத் தலை எண்ணெய் மசாஜ் கொடுங்கள் என்பேன். வாடிக்கையாளருக்கு அது நூறு ரூபாய் பெறும், உங்களுக்கு எண்ணெயும் ஆள் நேரமும்தான் செலவு. ஒரு முறை செய்துகொண்டவர்களில் சிலர் அடுத்த தடவை காசு கொடுத்தே கேட்பார்கள்.

"அட்டை கொடுத்தேன். பாதிப் பேர் ஒன்றிரண்டு சீலோடு நிறுத்திவிட்டார்கள். என்ன தவறு?" (தஞ்சாவூர்)

வெறும் அட்டையைக் கொடுத்திருப்பீர்கள். அமெரிக்காவில் கார் கழுவும் கடை ஒன்றில் நடத்திய ஆய்வு 2006ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு எட்டுக் கட்டம் உள்ள வெற்று அட்டையும், மற்றவர்களுக்குப் பத்துக் கட்டத்தில் இரண்டை முன்னதாகவே நிரப்பிய அட்டையும் கொடுத்தார்கள். இருவருமே எட்டு முறைதான் வந்தாக வேண்டும். ஆனாலும் வெற்று அட்டைக்காரர்களில் 19 விழுக்காட்டினரும், நிரப்பிய அட்டைக்காரர்களில் 34 விழுக்காட்டினரும் முடித்தார்கள். தொடங்கியாயிற்று என்ற எண்ணம் ஆளை இழுக்கிறது. என் கடையில் எட்டுக் கட்டம் அச்சடித்து, "பழைய வாடிக்கையாளர் என்பதால் இரண்டு" என்று காரணம் சொல்லி அவர்கள் கண் முன்னாலேயே குத்திக் கொடுக்கிறோம். காரணம் சொல்லாமல் குத்தினால் கடைக்காரர் ஏமாளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம்: கொடுத்த முத்திரையை ஒருநாளும் திரும்ப எடுக்கக் கூடாது. திட்டம் பிடிக்கவில்லையென்றால் புதிய அட்டையை நிறுத்துங்கள், பழைய அட்டைக்குச் சொன்னதைச் செய்து முடியுங்கள்.

"இதற்கு எந்தச் செயலி நல்லது?" (திருப்பூர்)

வழக்கமாக வருகிறவர்கள் முந்நூறு பேருக்குக் குறைவு என்றால் நோட்டுப் புத்தகமே போதும்.

"நான் கடைக்கு வருகிறவன். மாலை போட்டிருந்ததால் கார்த்திகை, மார்கழி முழுக்க முடி வெட்டவில்லை. தையில் போனால், அறுபது நாள் ஆகிவிட்டது, புள்ளி போய்விட்டது என்கிறீர்கள். இது நியாயமா?" (திருச்சி)

அது என் கடை இல்லை, என்னைத் திட்டுவதில் பயனில்லை. ஆனால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டவர் சவரமும் செய்துகொள்ள மாட்டார் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும், சலூன்காரருக்கு அதிகமாகவே தெரியும். புரட்டாசி விரதத்திலும் சிலர் வர மாட்டார்கள். அறுபது நாள் கெடு வைத்த கடைக்காரர் வேறெங்கோ அச்சடித்த விதியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். கெடு வேண்டுமானால் கடைசியாக வந்த நாளிலிருந்து ஒரு வருடம் என்று வைக்கலாம். மலைக்குப் போய் வந்து தாடியெடுக்கும் நாளில் புள்ளியை அழித்தவரிடம் அந்த வாடிக்கையாளர் இனி வர மாட்டார். மேலே சொன்னதுதான்: கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது.

"ஐயா, நான் கடையில் வேலை செய்பவன். எனக்கு வேலைக்குப் பாதிப் பங்கு. இலவச முடிவெட்டுக்குப் பங்கு கிடையாது என்கிறார் முதலாளி. அட்டைக்காரர் வந்தாலே எங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது." (கோயம்புத்தூர்)

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். நான் நட்டப்பட்ட இரண்டு திட்டங்களில் ஒன்று இதனால்தான் கெட்டது. அப்போது நானும் இலவசத்துக்குப் பங்கு கொடுக்கவில்லை. மூன்றாம் மாதம் கவனித்தேன்: முத்திரை நிறைந்த அட்டையோடு ஒருவர் உள்ளே வந்தால், மூன்று பேரில் ஒருவருக்குத் திடீரென்று தேநீர் குடிக்க வேண்டியிருக்கும், இன்னொருவர் சீப்பைக் கழுவப் போய்விடுவார். மாட்டிக்கொண்டவர் பத்தே நிமிடத்தில் வெட்டி அனுப்புவார். அதிகம் வந்த வாடிக்கையாளருக்கு மிக மோசமான வெட்டு கிடைத்தது. இப்போது இலவச வேலைக்கும் முழு விலையில் கணக்கிட்டு, அதாவது 150க்கு 75 ரூபாயை, என் கையிலிருந்து கொடுக்கிறேன். அந்த 75 ரூபாயும் திட்டத்தின் செலவுதான். அதைத் தாங்க முடியாதென்றால் பரிசைச் சிறிதாக்க வேண்டுமே தவிர, வேலைக்காரர் தலையில் கட்டக் கூடாது.

"இதை ஏற்க மாட்டேன். அட்டையால் ஆள் திரும்ப வந்தால் வேலை செய்பவருக்கும்தானே பத்து முறை பங்கு கிடைக்கிறது? இலவசத்தில் பாதியாவது அவர் ஏற்க வேண்டாமா?" (ஈரோடு, கடை உரிமையாளர்)

உங்கள் வாதம், வாடிக்கையாளர் ஒவ்வொரு முறையும் ஒரே ஆளிடம் உட்கார்ந்தால்தான் செல்லும். பத்து முறை ஒருவர் வெட்டி, பதினோராவது இன்னொருவர் நாற்காலியில் விழுந்தால் இலாபம் ஒருவருக்கு, நட்டம் மற்றவருக்கு.

"அப்படியானால் முத்திரையில் வெட்டியவர் பெயரின் முதலெழுத்தையும் போடச் சொல்லிவிட்டு, அதிகம் வெட்டியவரே இலவசமும் வெட்டட்டும்." (அதே ஈரோடு)

முதலெழுத்துப் போடுவது நல்ல யோசனை, நானும் செய்கிறேன். அத்தை மகனுக்கும் மாமன் மகனுக்கும் சும்மா முத்திரை குத்துவது அதனால் குறையும். எங்கள் கடையில் ஒரு காலத்தில் ஊதா மை முத்திரை மேசை இழுப்பறையில் திறந்தே கிடந்தது. ஒரே நாளில் நான்கு முத்திரை வாங்கிய அட்டை ஒன்று, நான்கும் ஒரே சாய்வில் குத்தியபடி வந்தது. ஆனால் அதிகம் வெட்டியவர் அன்று விடுப்பில் இருந்தால் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவீர்களா?

"அண்ணா, ஈரோட்டுக்காரரிடம் கேளுங்கள்: வாடகையும் மின்கட்டணமும் ஏறியபோது எங்களிடம் கேட்டா ஏற்றினார்கள்? விளம்பரச் செலவு மட்டும் எங்களுடையதா?" (கோயம்புத்தூர்)

"நட்டம் வரும் மாதத்தில் தம்பி பங்கைக் குறைத்துக்கொள்வாரா என்று நானும் கேட்கிறேன்." (ஈரோடு)

இருவரும் சொல்வது புரிகிறது. பங்குக்கு வேலை செய்பவர் கூட்டாளியா கூலியா என்பது நம் தொழிலில் என்றும் தீராத வழக்கு, அதை ஒரு முத்திரை அட்டையில் தீர்க்க முடியாது. என் நிலை முழுப் பங்கு கொடுப்பதே. ஈரோட்டு நண்பர் பாதி கொடுத்து நடத்திப் பார்த்து, அட்டைக்காரர் வரும்போது தேநீர் குடிக்கப் போகிறவர்களை எண்ணிச் சொல்லட்டும்.

"புள்ளியெல்லாம் ஏமாற்று வேலை. விலையில் இருபது ரூபாய் குறைத்தால் தானாகவே வருவார்கள்." (திருநெல்வேலி)

பாதி சரி. புதிதாக ஒருவரை உள்ளே இழுக்க விலைக்குறைப்பு உதவும். ஆனால் எதிர்க்கடை இருபத்தைந்து குறைத்தால் அவர் அங்கே போவார், குறைத்த விலையை மறுபடி ஏற்றவும் முடியாது. பரிசை நிறுத்தினால் முனகுவார்கள், விலையை ஏற்றினால் சண்டைக்கு வருவார்கள்.

"வாட்ஸ்அப்பில் தினமும் ஆஃபர் போடுகிறேன். ஒருவரும் வருவதில்லை. எப்படி எழுத வேண்டும்?" (திண்டுக்கல்)

தினமும் போடுவதுதான் நோய். அதோடு, வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பட்டியலாக அனுப்பினால், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். உங்கள் பட்டியலில் எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? முத்திரை குத்தும்போதே, "நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், எத்தனை முத்திரை என்று அனுப்புகிறோம்" என்று கேட்டால் அங்கேயே செய்துவிடுவார்கள்.

எழுதும் செய்தியில் அவருடைய கணக்கு இருக்க வேண்டும். நான் அனுப்புவது இவ்வளவுதான்: "வணக்கம். உங்கள் அட்டையில் ஆறு முத்திரை உள்ளது. இன்னும் இரண்டு வந்தால் தலை மசாஜ். புதன், வியாழன் காலையில் வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை." செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் அன்று மாலை உட்கார்ந்து அனுப்புகிறேன். 35 நாளைக்கு ஒரு முறை வருகிறவருக்கு முப்பதாவது நாளை ஒட்டி வரும் செவ்வாயில் போகும். வெட்டிய பத்தாம் நாள் அனுப்பினால் தொல்லை, நாற்பதாம் நாள் அனுப்பினால் அவர் வேறெங்கோ வெட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு எதையும் அறிவிக்காதீர்கள். அன்று ஏற்கெனவே ஆள் நிற்க இடமில்லை, பரிசு கேட்டு வருகிறவரும் காசு கொடுக்க வருகிறவரும் ஒன்றாக நின்று இருவரும் கோபித்துக்கொள்வார்கள்.

வாடிக்கையாளரின் தலையைப் படம் பிடித்துக் கேட்காமல் போடுவதையும் நிறுத்துங்கள். மகன் திருமணத்துக்காக ரகசியமாகச் சாயம் போட்டவர் ஒருவரை நான் அப்படித்தான் இழந்தேன்.

"செயலி எது நல்லது என்று சொல்லவில்லையே?" (விழுப்புரம்)

சொல்லிவிட்டேன். நோட்டு.

"பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறேன். புருவத்துக்கு 50, ஃபேஷியலுக்கு 1,200. எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரையா?" (நாகர்கோவில்)

கூடாது. விலை இவ்வளவு விரிந்திருந்தால் நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி என்று கணக்கிடுங்கள், இல்லையென்றால் புருவத்துக்கே பத்து முறை வந்து ஃபேஷியலைக் கேட்பார்கள். சாயத்துக்குப் புள்ளி தேவையா என்றும் யோசியுங்கள் அம்மா. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு வளர்கிறது, வேரில் வெள்ளை தெரிந்ததும் அவர்கள் தாமாகவே வருவார்கள். புள்ளி வேண்டியது, தள்ளிப்போடக்கூடிய வேலைகளுக்கு. எந்த வேலைக்கு எவ்வளவு என்பதைப் பார்லர் நடத்தும் வேறொருவர் சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

"இலவச வேலைக்கு ஜிஎஸ்டி உண்டா?" (சென்னை)

உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

"அப்பா, இரண்டு மகன்கள், மூவருக்கும் ஒரே அட்டையில் சீல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?" (கரூர்)

கொடுங்கள். மூவரும் சேர்ந்தால் ஆறு முத்திரை இரண்டே சுற்றில் நிறைந்துவிடும், அதனால் குடும்ப அட்டைக்குப் பன்னிரண்டு கட்டம் வையுங்கள். ஆனால் ஏற்கெனவே ஆறு கட்ட அட்டையில் மூன்றைக் குத்திக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், அந்த அட்டை நிறையும் வரை ஆறுதான். அடுத்த அட்டையிலிருந்துதான் பன்னிரண்டு.