ஏற்காட்டு இறக்கமும் ஹைட்ரஜன் காரும்

“சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, வாராவாரம் ஏற்காடு போய்வருவேன். பேட்டரி காரில் இறங்கும்போது சார்ஜ் ஏறுகிறது. ஹைட்ரஜன் காரிலும் ஏறுமா?”

கொஞ்சம் ஏறும், நண்பரே. ஆனால் பாதி மலையிலேயே சார்ஜ் ஏறுவது நின்றுவிடும்.

ஹைட்ரஜன் காரில் மின்சாரம் தயாரிக்கும் எரிபொருள் மின்கலத்துக்குள் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் பிளாட்டினம் பட்டு ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலெக்ட்ரானாகவும் பிரியும். புரோட்டான்கள் சவ்வைக் கடந்துவிடும், எலெக்ட்ரான்களால் முடியாது. அவை வெளிச்சுற்றில் சுற்றிப் போவதுதான் மோட்டாரை ஓட்டும் மின்சாரம். மறுபக்கத்தில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து எல்லாம் நீராகிவிடும். அந்த நீரைக் காருக்குள் மீண்டும் ஹைட்ரஜனாக்க வழியில்லை. இறக்கத்தில் மோட்டார் தரும் மின்சாரத்தை ஒரு சிறிய பேட்டரிதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டொயோட்டா மிராயில் அதன் கொள்ளளவு சுமார் 1.2 யூனிட். 2 டன் கார் ஏற்காட்டிலிருந்து 1,200 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 6.5 யூனிட். டயரும் காற்றும் தின்றது போக மிச்சமும் அந்தப் பேட்டரிக்கு மிக அதிகம். அது நிரம்பியதும் சுமை பிரேக் கட்டைகள் மீது விழும். எனவே கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஹைட்ரஜன் நிரப்புவது 5 நிமிட வேலை. 700 பார் அழுத்தத்தில் அடைக்கும்போது தொட்டி சூடாகும் என்பதால் வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிரூட்டி அனுப்புவார்கள். அத்தகைய இயந்திரத்தை வீட்டில் வைக்க முடியாது. இரவில் வீட்டிலேயே சார்ஜ் போடும் வசதியை நீங்கள் இழப்பீர்கள். ஹைட்ரஜன் பங்க் அருகில் இல்லாதவரை உங்கள் பயணத்துக்குப் பேட்டரி காரே சரி.