மைக்கா வைத்தால் பட்டை எந்தப் பக்கம் நகரும்?

"சார், யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையில் மேல் பிளவை மட்டும் மைக்காவால் மூடினால் திரையில் தெரியும் ஒளிப் பட்டைகள் மேலே போகுமா, கீழேயா? எவ்வளவு? (பி.யூ. 2, பெங்களூரு)"

மேலேதான். மைக்காவுக்குள் ஒளி மெதுவாகப் போகும்; அந்தக் கதிர் பின்தங்கிவிடும். இரண்டும் சமமாகச் சேர, மேல் பிளவுக்குக் கிட்டே இருக்கும் இடம்தான் தோது.

பின்தங்கும் அளவு (n−1)t; t மைக்காத் தகட்டின் தடிமன், n அதன் ஒளிவிலகல் எண். மல்லேஸ்வரம் டியூஷனில் என் பிள்ளைகள் பாதிப் பேர் nt என்று போடுவார்கள். தகடு வராவிட்டாலும் அந்த இடத்தில் காற்று இருந்ததே! t = 6 மைக்ரோமீட்டர், n = 1.58 என்றால் 3.48 மைக்ரோமீட்டர். சோடியம் ஒளியின் அலைநீளமான 0.589 மைக்ரோமீட்டரால் வகுத்தால் 5.9 பட்டை. பட்டை அகலம் மாறாது.

ஆனால் சோடியம் ஒளியில் எல்லாப் பட்டையும் ஒரே அச்சு. 5.9 மேலே போனதும், 0.1 கீழே இறங்கியதும் கண்ணுக்கு ஒன்றுதான். வெள்ளை விளக்கைப் போட்டு, ஓரத்தில் நிறம் கலக்காத நடுப்பட்டை எங்கே போயிருக்கிறது என்று தேடுங்கள்.